யார் செய்வது, எப்போது முடிப்பது?

ஜெனரல் மோட்டார்ஸை நெடுங்காலம் நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன், கூட்டம் முடிந்ததும் ஒரு சிறு குறிப்பு எழுதுவார். என்ன முடிவானது, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் நகல் போகும். அவரை அருகிலிருந்து கவனித்த பீட்டர் டிரக்கர் இந்தப் பழக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறார்.

இப்போது திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் திங்கட்கிழமை கூட்டம் நடந்ததாக வைத்துக்கொள்வோம். மாலையில் இப்படி ஒரு மெயில் வருகிறது:

"நீல நிற டி-சர்ட் ஆர்டர் குறித்து விவாதிக்கப்பட்டது. லேப் டிப் தாமதமாவதாக டையிங் பிரிவு தெரிவித்தது. கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பலாமா என்றும் பேசப்பட்டது. செலவு அதிகம் என்று கருதப்பட்டது. லேப் டிப் விரைவில் பையருக்கு அனுப்பப்படும்."

லேப் டிப் என்பது பையர் கேட்ட நிறத்தில் சாயமேற்றிய சிறு துணித் துண்டு. அவர் சரி என்றால்தான் மொத்தத் துணியும் சாயத்துக்குப் போகும். அதை அனுப்புவது யார்? டையிங் மேலாளர் மெர்ச்சண்டைசர் என்று நினைப்பார், மெர்ச்சண்டைசர் டையிங் மேலாளர் என்று நினைப்பார். 'அனுப்பப்படும்' என்ற சொல் இருவருக்கும் இடம் கொடுக்கிறது.

திருத்தி எழுதுபவரின் முதல் வேலை, ஒவ்வொரு வரியும் முடிவா, வேலையா, வெறும் பேச்சா என்று பிரிப்பது. 'செலவு அதிகம் என்று கருதப்பட்டது' எதில் சேரும்? தொழிற்சாலை மேலாளரைக் கேட்டால்தான் தெரியும். அவர் "விமானம் வேண்டாம்" என்று உறுதிசெய்தால் அது முடிவு. "பார்க்கலாம்" என்றால் அது நிலுவை. எழுதுபவர் ஊகித்து முடிவாக்கிவிடக் கூடாது. இந்த ஒரு தொலைபேசி அழைப்பைத் தவிர்ப்பதால்தான் பல குறிப்புகள் மழுங்கிப்போகின்றன.

கேட்டறிந்தபின் மெயில் இப்படி மாறுகிறது:

பொருள்: நீல டி-சர்ட் – 1 முடிவு, 2 வேலைகள், முதல் கெடு புதன்

முடிவு: சரக்கு கப்பலில்தான் போகும். விமானச் செலவு கட்டுப்படியாகாது.

வேலை: லேப் டிப்பை மெர்ச்சண்டைசரிடம் கொடுப்பது – டையிங் மேலாளர் – மார்ச் 11, புதன், காலை 11 மணி.

வேலை: அதைப் பையருக்குக் கூரியரில் அனுப்புவது – மெர்ச்சண்டைசர் – அன்றே மாலை 5 மணி.

நிலுவை: பையர் நிறத்தை மறுத்தால் என்ன செய்வது? தொழிற்சாலை மேலாளர் வெள்ளிக்கிழமை சொல்வார்.

ஒரே வேலையாகத் தெரிந்தது இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆள் வந்திருக்கிறார். நிஜ மெயிலில் பதவிக்குப் பக்கத்தில் பெயரும் இருக்க வேண்டும். 'வார இறுதிக்குள்' என்று எழுதியிருந்தால் ஒருவர் வெள்ளி என்பார், சம்பள நாளான சனி என்பார் இன்னொருவர். விமானம் ஏன் வேண்டாம் என்ற காரணத்தை விடாமல் வைத்ததற்கும் பயன் உண்டு: அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி மறுபடி முளைக்காது. மற்ற பேச்சு கோட்டுக்குக் கீழே நான்கைந்து வரிகளில் அடங்கிவிடும்.

கூட்டத்துக்கு வராதவர் மேல் வேலை விழுந்திருந்தால், மெயில் போகுமுன்பே அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். தேதி பேசப்படாத வேலைக்கு எழுதுபவர் தாமாக ஒன்றைப் போடாமல், 'கெடு: டையிங் மேலாளர் நாளை சொல்வார்' என்று எழுதலாம். திருத்தம் வந்தால் பழைய மெயிலுக்கு அடியில் பதில் மேல் பதிலாகத் தொங்கவிடாமல், முழுப் பட்டியலையும் புதிதாக எல்லோருக்கும் அனுப்புவது நல்லது. புதன்கிழமை காலையில் கைபேசியைத் திறக்கும் டையிங் மேலாளர் மேலே இருக்கும் மெயிலைத்தான் பார்ப்பார்.