மனிதரைப் போலத் தவறும் செஸ் இயந்திரம்

செஸ் விளையாடும் கணினி நிரலை வலுவாக்குவது முடிந்துபோன வேலை. இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் நிரல் ஒரு சாதாரணக் கைபேசியில் ஓடினாலே உலகச் சாம்பியனை வென்றுவிடும். அதைச் சரியான விதத்தில் பலவீனப்படுத்துவதுதான் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தது. வாரத்துக்கு நான்கு ஆட்டம் ஆடுகிற ஒருவர் அதனுடன் மோதி ஜெயிக்கவும் வேண்டும். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து யோசிக்கிறார் என்ற எண்ணமும் கெடக்கூடாது.

பழைய வழிகளில் முதலாவது பகடை போடுவது. ஸ்டாக்ஃபிஷில் 0 முதல் 20 வரை ஆட்டத் திறன் நிலைகள் உண்டு. அதைக் கீழ்க்கண்டவாறு குறைக்கலாம்:

```
setoption name Skill Level value 3
```

இப்படிக் குறைத்ததும் நிரல் நல்ல நகர்த்தல்கள் சிலவற்றைக் கணக்கிட்டு மதிப்பெண் போட்டு வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த மதிப்பெண்களோடு தற்செயலான ஓர் எண்ணைக் கலந்து, எது மேலே வருகிறதோ அதை ஆடுகிறது. நிலை குறையக் குறையத் தற்செயலின் பங்கு கூடும். விளைவு விசித்திரமானது. பதினைந்து நகர்த்தல்கள் கிராண்ட்மாஸ்டர் போல ஆடிய நிரல், எந்த நெருக்கடியும் இல்லாத இடத்தில் மந்திரியைச் சும்மா வெட்டுக்கொடுக்கும். அடுத்த நகர்த்தலிலேயே பழைய கூர்மை திரும்பிவிடும். வென்றவருக்குத் தான் வென்றதாகவே தோன்றாது; யாரோ இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தது போல் இருக்கும்.

இரண்டாவது வழி, நிரல் எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கலாம் என்பதற்கு வரம்பு வைப்பது. இது கொஞ்சம் தேவலை. ஆனாலும், இரண்டு நகர்த்தல் வரை பார்க்கும் நிரல் அந்த இரண்டுக்குள் எதையும் கோட்டைவிடாது. குதிரை ஒரே தாவலில் ராஜாவையும் ராணியையும் தாக்கப்போவதை அது ஒவ்வொரு முறையும் கண்டுகொள்ளும். புதிதாக ஆடுபவர் தவறவிடுவதோ பெரும்பாலும் அதைத்தான்.

மனிதத் தவறு தற்செயலானதல்ல. அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். இதை முதலில் கவனித்தவர்களில் ஆலன் டூரிங்கும் ஒருவர் என்று சொல்லலாம். மனிதரைப் போலப் பதிலளிக்கும் இயந்திரத்தைப் பற்றி அவர் 1950இல் எழுதிய கட்டுரையில் 34957ஐயும் 70764ஐயும் கூட்டச் சொல்லும் ஒரு கேள்வி வருகிறது. பதில் அரை நிமிடம் கழித்து வருகிறது, அதுவும் 105621 என்று தவறாக. சரியான விடை 105721. நூறாம் இடத்தில் 9ஐயும் 7ஐயும் கூட்டியவர், முந்தைய இடத்திலிருந்து வந்த 1ஐச் சேர்க்க மறந்தால் கிடைக்கும் எண் அதுதான். பகடை போட்டிருந்தால் எந்த இலக்கமும் பிசகியிருக்கலாம். இங்கே பிசகியிருப்பது பள்ளிப் பிள்ளைகள் பிசகும் அதே இடம்.

செஸ்ஸிலும் இதே கதைதான். புதியவர்களின் ஆட்டங்களில் அடிக்கடி வரும் ஒரு தொடக்கம் இது:

```
1. e4 e5  2. Bc4 Nc6  3. Qh5
```

வெள்ளையின் ராணி ஓரத்துக்கு வந்து நிற்கிறது. ராணியும் மந்திரியும் சேர்ந்து குறிவைப்பது, கறுப்பு ராஜாவின் அருகே f7 கட்டத்தில் நிற்கும் சிப்பாயை. `g6` என்று சிப்பாயைத் தள்ளினால் ராணியின் வழி அடைபடும், ராணியும் விலகியாக வேண்டும். ஆனால் புதியவர் பலர் `Nf6` என்று குதிரையை எடுக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. புதுக் காய் வெளியே வருகிறது, எதிராளியின் ராணி தாக்கப்படுகிறது. ராணி ஓடும் என்று காத்திருக்கும்போதே அது f7 சிப்பாயை வெட்டிச் செக்மேட் வைத்துவிடுகிறது. தன் தாக்குதல் கண்ணில் பட்டது, எதிராளியின் தாக்குதல் படவில்லை. அதே இடத்தில் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவதும் தோல்விதான். ஆனால் அந்தத் தோல்விக்குப் பின்னால் எந்த யோசனையும் தெரியாது.

இப்படிப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக விதிகளாக எழுதி முடியாது. 2020இல் டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களையும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவையும் சேர்ந்த குழு ஒன்று கேள்வியையே மாற்றியது. சிறந்த நகர்த்தல் எது என்பதை விட்டுவிட்டு, இந்த இடத்தில் இந்தத் தரத்து மனிதர் எதை ஆடுவார் என்று கேட்டது. மாயா என்ற அந்த நிரல், லீசெஸ் இணையதளத்தில் மனிதர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களிலிருந்து கற்றது. 1100 முதல் 1900 வரை ஒவ்வொரு நூறு ரேட்டிங் புள்ளிக்கும் தனித்தனி மாயா. ஒவ்வொன்றுக்கும் அந்தத் தரத்தினர் ஆடிய சுமார் 1.2 கோடி ஆட்டங்கள் பாடம். மிக வேகமான ஆட்டங்களும், கடிகாரத்தில் அரை நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது வைத்த நகர்த்தல்களும் சேர்க்கப்படவில்லை. அவசரத்தில் காயை எறிவது வேறு வகைத் தவறு. மாயா முன்னோக்கி எதையும் கணக்கிடுவதில்லை. பலகையைப் பார்த்து, ஒவ்வொரு நகர்த்தலும் ஆடப்பட எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் சொல்கிறது.

அது தேறியதா என்று பார்ப்பது எளிது. நிரல் பார்த்திராத மனித ஆட்டங்களை எடுத்து, அது ஊகித்த நகர்த்தலையே மனிதரும் ஆடியிருக்கிறாரா என்று எண்ண வேண்டும். மாயா பாதிக்குப் பாதி சரியாக ஊகித்தது. ஸ்டாக்ஃபிஷை எவ்வளவு மட்டுப்படுத்தினாலும் அது ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. பாதி என்பது குறைவாகத் தோன்றலாம். ஒரே ஆள் ஒரே நிலையில் இன்று ஒன்றும் நாளை ஒன்றும் ஆடுவார் என்பதால் நூறு சதவீதம் யாருக்கும் எட்டாது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு மாயாவும் தான் கற்ற தரத்தினரையே மிக நன்றாக ஊகித்தது.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. 1100 தரத்தினரிடம் கற்ற மாயா, களத்தில் 1100ஐவிடத் தெளிவாக மேலான ரேட்டிங்கில் ஆடியது. காரணம், அது எப்போதும் மிக அதிக வாய்ப்புள்ள நகர்த்தலையே எடுக்கிறது. நூறு பேரில் நாற்பது பேர் நல்ல நகர்த்தலை ஆடி, மற்ற அறுபது பேரும் ஆளுக்கொரு விதமாகத் தவறினால், ஓட்டில் ஜெயிப்பது நல்ல நகர்த்தல்தான். தனி மனிதரின் தவறுகள் கூட்டத்தில் கரைந்துவிடுகின்றன.

அதிக வாய்ப்புள்ளதை மட்டும் எடுக்காமல், வாய்ப்பு விகிதப்படி குலுக்கி எடுப்பது இதற்கு ஒரு மாற்று. நாற்பது சதவீத வாய்ப்புள்ளது பத்தில் நான்கு முறை வரும், பொதுவான தவறுகளும் வரவேண்டிய அளவில் வரும். ஆனால் பட்டியலின் வாலில் நிரல் ஊகிக்கத் தெரியாமல் ஒட்டவைத்த அபத்தங்களும் இருக்கும். அவற்றின் மொத்த வாய்ப்பு 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட, நாற்பது நகர்த்தல் கொண்ட ஆட்டத்தில் ஒன்றாவது தலைகாட்ட 55 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்று போதும், பழைய பகடை ஞாபகம் வந்துவிடும். ஆகவே குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் வாய்ப்புள்ளவற்றை வெட்டிவிட்டுத்தான் குலுக்க வேண்டும். அந்த அளவை எங்கே வைப்பது என்பது ஆடிப் பார்த்துத்தான் முடிவாகும். அதிகம் வெட்டினால் நிரல் மறுபடி கெட்டிக்காரத்தனம் காட்டத் தொடங்கும்.

இன்னொரு குறை மேல்மட்டத்தில் தெரிகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் சிக்கலான இடத்தில் உண்மையாகவே உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். பார்த்த மாத்திரத்தில் ஊகிக்கும் நிரல் அவரைப் போல ஆட முடியாது. நேரமும் காட்டிக்கொடுக்கும்: வெட்டிய காயைத் திருப்பி வெட்ட மனிதருக்கு ஒரு நொடி போதும், ராணியைப் பலி கொடுக்கலாமா என்று பார்க்கப் பல நிமிடங்கள் வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேரம் எடுக்கும் எதிராளி மனிதரல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஆலி என்ற நிரல் இந்த இரண்டையும் சேர்த்தே கையாள்கிறது. மனிதர் இந்த நிலையில் எவ்வளவு நேரம் யோசிப்பார் என்பதையும் அது ஊகிக்கிறது. அதிகம் யோசிப்பார் என்று தோன்றும் இடத்தில் தானும் அதிகம் கணக்கிடுகிறது, எளிய இடத்தில் சட்டென்று ஆடிவிடுகிறது. ஆட்டம் கைமீறினால் மனிதர் எப்போது தோல்வியை ஒப்புக்கொள்வார் என்பதும் அதன் ஊகத்தில் அடக்கம்.

இவை எல்லாம் ஒரு தரத்து மக்களின் சராசரிச் சாயல்கள். ஒரு குறிப்பிட்ட ஆளின் தவறுகளைப் பிடிக்க அவர் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு நிரலை மேலும் பழக்க வேண்டும். அது செய்தும் பார்க்கப்பட்டிருக்கிறது, ஊகம் கூர்மையாகிறது.