உடனடி வாலட் ரீஃபண்ட்

இணையக் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும்போது, செலுத்திய தொகையை வங்கிக் கணக்குக்கோ அட்டைக்கோ அனுப்பாமல், செயலியில் உள்ள வாலட்டில் உடனே வரவு வைப்பதை உடனடி வாலட் ரீஃபண்ட் என்கிறோம். திருப்பி அனுப்பும் பக்கத்தில் பொதுவாக இரண்டு வழிகள் காட்டப்படும். ஒன்று, பணம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்புவது. இதற்குச் சில வேலை நாட்கள் ஆகும். மற்றொன்று வாலட்டுக்கு உடனே வருவது. இரண்டிலும் தொகை ஒன்றுதான். ஆனால் வாங்கியவர் கைக்கு வருவது ஒரே பொருள் அல்ல. முதல் வழியில் அவருக்குக் கிடைப்பது பணம். இரண்டாம் வழியில் கிடைப்பது, பெரும்பாலும், அதே கடையில் மட்டும் செல்லுபடியாகும் வரவு.

விதி சொல்வது

இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று, இணையக் கடைகளுக்காகப் பணம் வசூலித்துத் தரும் இடைநிலை நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி, பணம் எந்த முறையில் செலுத்தப்பட்டதோ அதே முறையில்தான் ரீஃபண்ட் தரப்பட வேண்டும். வேறு வழியில் பெற்றுக்கொள்ள வாடிக்கையாளர் குறிப்பாக ஒப்புக்கொண்டால் மட்டுமே விலக்கு உண்டு.

வாலட் பொத்தானை அழுத்துவதுதான் அந்த ஒப்புதல். விதி தரும் பாதுகாப்பை வாங்கியவரே ஒரு தொடுதலில் விட்டுக்கொடுக்கிறார். ஆகவே அந்தத் தேர்வு அவருடையதாக இருக்க வேண்டும். அவருக்காக வேறொருவர் செய்து வைத்ததாக இருக்கக் கூடாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஓலா வாடகை வண்டிச் செயலி. பயணத்தில் குறை இருந்து பணம் திருப்பித் தர வேண்டியிருந்தபோது, அந்நிறுவனம் அடுத்த பயணத்துக்கான கூப்பனை மட்டுமே தந்துவந்தது. வங்கிக் கணக்கில் பெறும் வழியைக் காட்டவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இது நுகர்வோர் உரிமையை மீறுவது என்று கண்டு, வங்கிக் கணக்கா கூப்பனா என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வசதி செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. இது 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கூப்பன் தரவே கூடாது என்று ஆணையம் சொல்லவில்லை. அது மட்டுமே வழியாக இருக்கக் கூடாது என்பதே உத்தரவின் சாரம்.

வாலட் என்ற ஒரே பெயரில் பல வகை

ஒரு கடை தன்னிடம் மட்டும் பொருள் வாங்குவதற்காக வைத்துத் தரும் வரவு ஒரு வகை. இதிலிருந்து ரொக்கமாக எடுக்க முடியாது. இதை நடத்த ரிசர்வ் வங்கியின் அனுமதியும் தேவையில்லை. ரீஃபண்ட் பெரும்பாலும் இந்த வகையிலோ பரிசு அட்டை வரவாகவோதான் வருகிறது.

மற்றொரு வகை, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனம் நடத்தும் வாலட். முழு அடையாளச் சரிபார்ப்பு முடிந்திருந்தால் இதிலிருந்து வங்கிக் கணக்குக்குப் பணத்தை மாற்றலாம். குறைந்த விவரங்களோடு தொடங்கிய சிறு வாலட்டில் அந்த வசதி கிடையாது.

பெயரை வைத்து வகையைக் கண்டுபிடிக்க இயலாது. வாலட் பக்கத்தில் வங்கிக்கு மாற்றும் வசதி இருக்கிறதா, வரவுக்குக் காலாவதி நாள் குறித்திருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். வங்கிச் சேமிப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கடை வரவுக்கு அந்தக் காப்பு இல்லை. கடை முடங்கினால் வரவு வைத்திருப்பவர் கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு கணக்கு

புதுச்சேரியில் ஒருவர் கடன் அட்டையில் 4,200 ரூபாய்க்குப் பட்டுச் சேலை வாங்குகிறார் என்று கொள்வோம். நிறம் படத்தில் இருந்ததுபோல் இல்லை; திருப்பி அனுப்புகிறார். உடனடி வாலட்டைத் தேர்ந்தெடுக்கிறார். சில நிமிடங்களில் 4,200 ரூபாய் வரவு தெரிகிறது.

ஆனால் கடன் அட்டை வங்கியைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. மாத இறுதிப் பட்டியலில் 4,200 ரூபாய் அப்படியே நிற்கும். அதை அவர் சம்பளத்திலிருந்தோ ஓய்வூதியத்திலிருந்தோ கட்ட வேண்டும். கட்டாமல் ஒரு மாதம் விட்டால், வட்டி மாதம் 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் 147 ரூபாய், அதற்கு மேல் வரி. சேலையைத் தவணையில் வாங்கியிருந்தால், பொருள் வீட்டில் இல்லாமலே தவணை மட்டும் தொடரும். பழைய வழியில் பெற்றிருந்தால் தொகை அட்டைக் கணக்கிலேயே கழிந்திருக்கும்.

இப்போது அந்த வரவைக்கொண்டு நேரு வீதியில் வேறு சேலை வாங்க முடியாது. பெரிய மார்க்கெட்டில் காய்கறியும் வாங்க முடியாது. அதே செயலியில் 3,650 ரூபாய்க்கு ஒரு சேலை வாங்குகிறார். 550 ரூபாய் மிஞ்சுகிறது. அதற்கேற்ற பொருள் கிடைக்காமல், கையிலிருந்து 200 ரூபாய் போட்டு 750 ரூபாய்ப் பொருளை வாங்குகிறார். கடைக்கு லாபம் இங்கேதான்: விற்பனை திரும்பிப் போகவில்லை, கூடவே வளர்ந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாவது சேலையும் பிடிக்கவில்லை என்றால், அதற்குப் பணம் செலுத்திய முறை வாலட்தான். ஆகவே அந்த ரீஃபண்டும் வாலட்டுக்கே திரும்பும். ஒருமுறை உள்ளே போன தொகை வங்கிக்கு வெளியே வரும் வாய்ப்பு அங்கேயே அடைபட்டுவிடுகிறது.

கைவிடும் முறையீடு

வங்கி வழியில் வரும் ரீஃபண்டுக்கு ஒரு குறிப்பெண் உண்டு. பணம் வராவிட்டால் அந்த எண்ணைக் கடையிடம் கேட்டு வாங்கி, வங்கியிடம் கொடுத்துத் தேடச் சொல்லலாம். அட்டையில் செலுத்தியவர், கடை ரீஃபண்ட் தரவில்லை என்று அட்டை வங்கியிடமே தகராறு பதிவு செய்யலாம். வாலட்டில் பெற்ற பிறகு இந்த வாதம் வலுவிழக்கும். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட முறையில் கொடுத்துவிட்டோம் என்று கடை பதிவைக் காட்டும். பிறகு வரவு காலாவதியானாலும் கணக்கு முடக்கப்பட்டாலும், பேச வேண்டியது அந்தக் கடையிடம் மட்டும்தான்.

எப்போது ஏற்கலாம்

முதலிலேயே வாலட்டிலிருந்து செலுத்திய பொருளென்றால் இழப்பு ஏதுமில்லை. அதே கடையில் அதே தொகைக்கு அன்றே வேறு பொருள் வாங்க முடிவு செய்தவருக்கும் வாலட் வசதியே. பொருள் வந்த பிறகு ரொக்கம் கொடுத்தவருக்குத் திரும்பிச் செல்ல அட்டையோ கணக்கோ இல்லை. அவர் வாலட்டை ஏற்கும் முன், வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்கும் வழி திரையில் உள்ளதா என்று கீழே வரை தள்ளிப் பார்க்க வேண்டும். வாலட் முன்பே குறியிடப்பட்டு, மற்ற வழி மங்கிய எழுத்தில் அடியில் இருப்பது வழக்கம்.

பழைய வழியைத் தேர்ந்தெடுத்தும் வாலட்டில் போட்டிருந்தால், வரவைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டு, தேர்வு செய்த திரையின் படத்துடன் கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஏற்றுக்கொண்டதாக வாதிட இடமாகும். அதில் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். புதுச்சேரிக்காரர் பெங்களூருவுக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.