இருட்டில் விழாத நிழல்

கைப்பேசித் திரை தட்டையான கண்ணாடிதான். ஆனாலும் அதில் ஒரு மெனு திறந்தால், பட்டியலுக்கு மேலே அது மிதப்பதாகவே கண் எடுத்துக்கொள்கிறது. ஓரத்தில் கசியும் மெல்லிய நிழல் செய்யும் வேலை அது. டார்க் மோடுக்கு மாற்றிய உடனே பல செயலிகளில் இந்த மாயம் கலைந்துவிடுகிறது. நிழல் அடியோடு மறைகிறது, அல்லது கார்டுகளைச் சுற்றி அழுக்குப் படிந்த திட்டாக மிஞ்சுகிறது.

நிழலுக்கு ஒரு கணக்கு வைத்தவர்களில் கூகுளின் வடிவமைப்பாளர்கள் முக்கியமானவர்கள். 2014-ல் வெளியான மெட்டீரியல் டிசைன், திரையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் குறித்தது. கார்டு 2 டிபி, மெனு 8 டிபி, டயலாக் பெட்டி 24 டிபி. டிபி என்பது எந்தக் கைப்பேசியிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிவதற்காக ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் அலகு. உயரம் கூடக்கூட நிழல் கீழே தள்ளி விழும், அகலும், விளிம்பு மிருதுவாகும்.

இந்த ஒழுங்கு எளிதில் குலைகிறது. ஒருவர் கார்டுக்கு அடர்த்தியான நிழல் போடுவார். வேறொரு பக்கத்தைச் செய்பவர் மெனுவுக்கு மங்கலாகப் போடுவார். இரண்டும் ஒரே திரையில் சேரும்போது, மேலே இருக்க வேண்டிய மெனு கார்டுக்கு அடியில் சொருகியதுபோல் தெரியும். நிழலை ஒரே இடத்தில் எழுதி, எல்லோரும் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வதே இதற்கு வழி:

```css
:root {
  --shadow-card: 0 1px 3px rgb(0 0 0 / 0.2);
  --shadow-menu: 0 4px 10px rgb(0 0 0 / 0.2);
  --shadow-dialog: 0 12px 32px rgb(0 0 0 / 0.2);
}
```

மூன்றிலும் கறுப்பின் அடர்த்தி ஒன்றே. தள்ளி விழும் தூரமும் பரவும் அகலமும்தான் வளர்கின்றன. முதல் எண் எப்போதும் பூஜ்யம். அதாவது வெளிச்சம் பக்கவாட்டில் சாயாமல் மேலிருந்தே வருகிறது.

இதே நிழலை இருண்ட பின்னணியில் போட்டுப் பார்க்கலாம். திரையில் வெள்ளையின் மதிப்பு 255. 20 சதவீதக் கறுப்பு விழுந்தால் அது 204 ஆகும். 51 புள்ளி இறக்கம், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கூகுள் டார்க் தீமுக்குப் பரிந்துரைத்த `#121212` என்ற நிறத்தின் மதிப்போ வெறும் 18. அதில் அதே நிழல் விழுந்தால் 14. நான்கே புள்ளி! அடர்த்தியை 60 சதவீதமாக ஏற்றினாலும் 7 வரைதான் இறங்கும். முழுக் கறுப்புப் பின்னணி என்றால் இறங்க எதுவுமே இல்லை.

அப்படி ஏற்றிய நிழல்தான் அழுக்காகத் தெரிகிறது. கார்டும் பின்னணியும் ஒரே நிறத்தில் இருக்க, நடுவே கருமை மட்டும் பரவுகிறது. அடுத்தடுத்த கார்டுகளின் நிழல்கள் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அங்கே பள்ளம் வெட்டியதுபோல் ஆக்குகின்றன. சிலர் நிழலை வெள்ளையாக்கிப் பார்க்கிறார்கள். அப்போது கார்டுக்குப் பின்னால் டியூப் லைட் எரிவதுபோல் இருக்குமே தவிர, உயரம் தெரியாது.

2019-ல் கூகுள் தந்த தீர்வு, பரப்பையே வெளுப்பாக்குவது. உயரம் கூடக்கூட அடிப்படை நிறத்தின்மேல் வெள்ளையைக் கொஞ்சம் கூடுதலாகப் பூச வேண்டும்: 2 டிபிக்கு 7 சதவீதம், 8 டிபிக்கு 12, 24 டிபிக்கு 16. கார்டின் கணக்கு இப்படி வரும்: 18-லிருந்து 255-க்கு உள்ள தூரம் 237; அதில் 7 சதவீதம் சுமார் 17; கூட்டினால் 35, அதாவது `#232323`.

```css
@media (prefers-color-scheme: dark) {
  :root {
    --bg: #121212;
    --card: #232323;
    --menu: #2E2E2E;
    --dialog: #383838;
  }
}
```

நிழலை அடியோடு எடுக்க வேண்டியதில்லை. ஒரு கார்டின்மேல் மெனு திறக்கும்போது அடியில் இருப்பது 35. அங்கே நிழல் விழக் கொஞ்சம் இடம் உண்டு, விளிம்பு கூர்மையாகும். ஆனால் உயரத்தைச் சொல்லும் பொறுப்பு பரப்பின் நிறத்துக்குப் போய்விடுகிறது. பரப்பை இஷ்டத்துக்கு வெளுக்கவும் முடியாது. அதன்மேல் உள்ள வெள்ளை எழுத்து மங்கிவிடும். 2021-ல் வந்த மூன்றாம் பதிப்பில் உயரங்களே சுருங்கின. டயலாக் 6 டிபிக்கு இறங்கியது.

இவ்வளவு செய்த பிறகும் கவனம் தப்பும் இடம் ஒன்று உண்டு. டயலாக் பெட்டிக்குள் ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு மெனு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அட்டவணைப்படி அதன் நிறம் `#2E2E2E`. அடியில் உள்ள டயலாக்கோ `#383838`. மெனு மேலே திறக்காமல் குழிக்குள் இறங்கியதாகத் தெரியும். வெளிச்சத் தீமில் எல்லாம் வெள்ளை என்பதால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. டயலாக்குக்குள் திறக்கும் மெனுவுக்கு மட்டும் இன்னும் ஒரு படி வெளுத்த நிறம் கொடுக்கலாம், அல்லது 1 பிக்சல் அளவில் வெளிர்சாம்பல் கோடு சுற்றலாம். சோதிக்க வேண்டியது வடிவமைப்பாளரின் பெரிய திரையில் அல்ல. வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே குறைத்து வைத்த, நடுத்தர விலைக் கைப்பேசியில்.