பேசிக் எவ்வளவு?

சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்குப் போகவிருந்த எங்கள் தெருத் தம்பி ஒருவர், போன வருடம் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று ஏஜென்ட் கொடுத்த ஆஃபர் லெட்டர். இன்னொன்று ஐபிஏ. வேலை அனுமதிக்காக அந்நாட்டு மனிதவள அமைச்சு வழங்கும் ஒப்புதல் கடிதம் அது. "அண்ணே, ரெண்டுலயும் 858 வெள்ளிதான் வருது. சரியா இருக்குல்ல?" என்று கேட்டார்.

கூட்டினால் 858 வரத்தான் செய்தது. ஆனால் ஏஜென்ட் தாளில் 'மாதச் சம்பளம் 858' என்று ஒரே வரி இருந்தது. ஐபிஏவில் அது இரண்டாகப் பிரிந்திருந்தது: அடிப்படைச் சம்பளம் 572, மாதாந்தர நிலையான படி 286.

நம் பேச்சில் சம்பளம், ஊதியம், கூலி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். தினம் வாங்கினால் கூலி, மாதம் வாங்கினால் சம்பளம், அவ்வளவே. வெளிநாட்டு வேலைக் கடிதத்தில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கப்பூரில் ஓவர்டைம், அதாவது தொழிலாளர்கள் 'ஓடி' என்று சொல்லும் மிகைநேர வேலை, பேசிக்கை வைத்து மட்டுமே கணக்கிடப்படுகிறது. படி அதில் சேராது.

மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, வருடத்தின் 52 வாரத்துக்கும் வாரத்துக்கு 44 மணி வீதம் வரும் 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் கிடைக்கும். ஓடிக்கு அதைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். மாதம் 4,500 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு இது சட்டப்படியான உரிமை.

தம்பியின் பேசிக் 858ஆகவே இருந்திருந்தால் மணிக்கு 4.50 வெள்ளி, ஓடிக்கு 6.75. பேசிக் 572 என்றால் மணிக்கு 3 வெள்ளிதான், ஓடிக்கு 4.50. மாதம் 60 மணி நேரம் ஓடி பார்த்தால் முதல் கணக்கில் 405 வெள்ளி, இரண்டாவதில் 270. மாதத்துக்கு 135 வெள்ளி குறைகிறது, பன்னிரண்டு மாதத்தில் 1,620. ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் ஒரு சொல்லுக்குள் போய்விடுகிறது. முதலாளி கூப்பிட்டு ஓய்வு நாளில் வேலை செய்தால் கிடைக்கும் இரட்டைச் சம்பளத்துக்கும் பேசிக்தான் அளவு.

படியின் பெயரையும் பார்க்க வேண்டும். விடுப்புச் சம்பளமும் பொது விடுமுறைச் சம்பளமும் மொத்தச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. அதில் பொதுவாகப் படிகள் சேரும் என்றாலும் சாப்பாடு, பயணம், தங்குமிடம் ஆகிய மூன்றுக்குமான படிகள் சேராது. ஆகவே 286 வெள்ளி 'உணவுப்படி' என்று எழுதப்பட்டிருந்தால், அது இந்தக் கணக்கிலிருந்தும் விலகிவிடும்.

ஏஜென்ட் தாள்களில் 'ரெமியூனரேஷன்', 'பேக்கேஜ்' என்ற சொற்களைப் பார்த்தால் நான் நின்று படிப்பேன். கிடைக்கக்கூடிய ஓடி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் பணமாக்கிக் கூட்டி, பெரிய எண்ணாகக் காட்ட வசதியான சொற்கள் அவை. 'முதல் மூன்று மாதம் ஸ்டைபண்ட்' என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஸ்டைபண்ட் என்பது பயிற்சியில் இருப்பவருக்குத் தரும் உதவித்தொகை. வேலை அனுமதியில் போகிறவருக்கோ, ஐபிஏவில் உள்ள நிலையான மாதச் சம்பளத்தை, கொடுக்க வேலை இல்லாத மாதத்திலும் முதலாளி தந்தாக வேண்டும். பயிற்சி என்று சொல்லி அதைக் குறைக்க இடமில்லை.

இரண்டு தாளும் முரண்பட்டால் எது நிற்கும்? 2017இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் இப்படியொரு வழக்கில், வேறு ஆதாரம் காட்டப்படாத வரை ஐபிஏவில் முதலாளி அறிவித்த அடிப்படைச் சம்பளத்தையே உண்மையாகக் கொள்ள வேண்டும் என்றது. அங்கே போன பிறகு அந்தத் தொகையைக் குறைக்க, தொழிலாளியின் எழுத்துபூர்வ சம்மதமும் அமைச்சுக்கு முன்கூட்டியே தகவலும் வேண்டும். ஆகவே போய் இறங்கிய அன்று நீட்டப்படும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தச் சம்மதம் அதில் ஒரு வரியாக இருக்கக்கூடும்.

தம்பியின் விஷயத்தில் இது பாதகமாகவே அமைந்தது. ஐபிஏதான் நிற்கும் என்றால், அவருக்கு நிற்பது 572. எங்கள் திண்ணையில் உட்கார்ந்தே ஏஜென்ட்டுக்கு போன் போட்டு, "பேசிக் எவ்வளவுண்ணே?" என்று மட்டும் கேட்டார். "எல்லாம் சேத்து 858 தம்பி" என்றது எதிர்முனை. "சேக்காம எவ்வளவு?" என்று மறுபடி கேட்டார். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு 572 என்று பதில் வந்தது.

வீட்டில் கடன் இருந்ததால் அவர் போகத்தான் செய்தார். இரண்டு தாள்களையும் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு, ஓடி மணிக்கு 4.50 என்று தெரிந்தே விமானம் ஏறினார்.