காலிக் கட்டமும் பூச்சியமும் ஒன்றல்ல

2016-ஆம் ஆண்டில் ஆற்றுநீரில் துர்நாற்றம் கலந்ததால் சுங்கை செமினி நீர் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. அப்படியொரு நீர்த்தடைக்குப் பிறகு, மாணவர்கள் செமினியில் பத்து வீடுகளில் படிவம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி: எத்தனை நாள் நீர் வரவில்லை? எட்டு வீட்டார் 3, 2, 4, 0, 3, 2, 1, 5 என எழுதினர். ஒருவர் 'தெரியவில்லை' என்றார். ஒரு கட்டம் காலி.

எட்டு விடைகளின் கூட்டுத்தொகை 20, சராசரி 2.5 நாள். மற்ற இரண்டையும் 0 என்று பதிந்தால் சராசரி 2 ஆகக் குறைந்துவிடும். பூச்சியம் என்றால் 'நீர் நிற்கவே இல்லை' என்று பொருள். அதை அந்த இரு வீட்டாரும் சொல்லவில்லையே!

அதனால் 'தெரியவில்லை' என்பதற்கு 98, காலிக்கு 99 எனக் குறியீடு தருவார்கள். உண்மை விடையாக வர முடியாத எண்ணாக அது இருக்க வேண்டும். கணக்கிடும்போது இவற்றை விலக்க மறந்தால் சராசரி 21.7 நாளாகிவிடும். பட்டியலின் மிகப்பெரிய எண்ணைப் பார்த்தாலே இந்தத் தவறு தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி: நீர் எங்கிருந்து கிடைத்தது? 'லோரி', 'தண்ணி லோரி', 'லாரி' மூன்றுக்கும் குறியீடு 1. வீட்டுத் தொட்டிக்கு 2. சிக்கல் 'டேங்கி' என்ற விடையில்தான். அது லோரியா, வீட்டுத் தொட்டியா? ஊகிக்கக் கூடாது. வீட்டாரை மீண்டும் கேட்கலாம். முடியாவிட்டால் 'தெளிவில்லை' என 97 போடலாம். எழுதிய சொல்லைப் பக்கத்துப் பத்தியில் அப்படியே வைத்திருந்தால், பிறகு வேறொருவர் சரிபார்க்க முடியும்.