பாலில் எவ்வளவு தண்ணீர்?

பத்து கிலோ எருமைப்பால், கொழுப்பு 6 சதவீதம். அதை 4.5 ஆக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கால் பங்கு குறைகிறதே என்று பலர் இரண்டரை கிலோ ஊற்றுவார்கள். அப்போது கொழுப்பு 4.8-இல்தான் நிற்கும்.

தண்ணீர் சேர்த்தாலும் கொழுப்பின் எடை மாறாது. 10 கிலோவில் இருப்பது 600 கிராம். அது 4.5 சதவீதமாக வேண்டுமானால் மொத்த எடை 600-ஐ 0.045-ஆல் வகுத்த அளவு, அதாவது 13.33 கிலோ. ஆக, சேர்ப்பது 3.33 கிலோ.

கணக்கு சரி, பால் சரியில்லை! புரதம், சர்க்கரை, தாதுக்கள் அடங்கிய கொழுப்பற்ற திடப்பொருளும் நீர்த்துப்போகும். அது 9 சதவீதமாக இருந்தால் இப்போது 6.75. நிலைப்படுத்திய பாலுக்கு 8.5 தேவை. லாக்டோமீட்டரை விட்டால் வழக்கத்தைவிட ஆழமாக அமிழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால்தான் பால் பண்ணையில் வெறும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அந்த 3.33 கிலோவில் சுமார் 240 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர், மீதி தண்ணீர். பவுடர் இல்லாமல் ஊற்றினால் அதற்குப் பெயர் கலப்படம்.