அணைந்த சூளையும் சுடும்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் ஃபியூஸ் கேரியரும் மின் இன்சுலேட்டரும் வேகும் சூளைக்குள் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரியும் சூளையை யாரும் தொடப்போவதில்லை. ஆபத்து, அணைத்த பிறகுதான். சூடேறிய பொருள் கண்ணுக்குத் தெரியும்படி செந்நிறமாக ஒளிர, ஏறத்தாழ 525 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே இறங்கிவிட்டால், 300 டிகிரியில் இருக்கும் செங்கல்லும் ஆறிப்போன செங்கல்லும் பார்வைக்கு ஒன்றுதான். கண் சொல்லாததைப் பலகைதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பலகைக்கு உலகெங்கும் ஒரே வடிவம் உண்டு: கறுப்பு விளிம்பிட்ட மஞ்சள் முக்கோணம், உள்ளே ஒரு கிடைக்கோடு, அதன்மேல் எழும் நெளிகோடுகள். கீழே ‘சூடு! தொடாதீர்’ என்று எழுதினால் போதும். பாதுகாப்புப் பலகைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 9457. நிறத்தோடு வடிவத்தையும் சேர்த்து வகுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்திலும், நிறக்குருடு உள்ளவர் கண்ணிலும் நிறம் ஏமாற்றலாம்; முக்கோணமும் வட்டமும் மாறாது.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். பார்க்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 2,000-ஆல் வகுத்தால் பலகையின் குறைந்தபட்சப் பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 0.05 சதுர மீட்டர் வேண்டும். அதாவது முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 34 சென்டிமீட்டர். நோட்டுப் புத்தக அளவு அட்டை அவருக்கு எட்டாது.

மாவு கலக்கும் அறையின் கதை வேறு. குவார்ட்ஸ் தூசியில் நுரையீரலின் ஆழம்வரை போகும் துகள்கள் சில மைக்ரான் அளவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, முகத்தில் கட்டிய துண்டு அவற்றைத் தடுக்காது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும். நுரையீரலில் விழுந்த தழும்பு ஆறாது. இங்கே வாசலில் வேண்டியது நீல வட்டம், அதாவது ‘செய்தே ஆக வேண்டும்’ என்ற கட்டளை. படத்தில் இருப்பது சுவாசக் கவசமாக இருக்க வேண்டும். வாசகம் ‘கவசம் அணிக’. உலர்ந்த தரையைப் பெருக்குவதற்குத் தடை சொல்ல, சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும். தமிழில் ‘பெருக்காதீர்’ என்பதன் மறுப்பு கடைசி எழுத்துகளில் இருக்கிறது. அங்கே தூசி படிந்தால் பொருளே போய்விடும். குறுக்குக் கோடு அப்படிப் போகாது. தமிழ் வாசிக்கத் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அந்தக் கோடு புரியும்.

சூளை உண்மையிலேயே ஆறிய பிறகும் ‘சூடு’ பலகை தொங்கினால், அடுத்த வாரம் அதை யாரும் நம்ப மாட்டார்கள். கொக்கியில் மாட்டும் பலகையாகச் செய்யுங்கள். வெப்பமானியைப் பார்த்த மேஸ்திரி மட்டுமே அதைக் கழற்றட்டும். பலகை தூசியை அடக்காது என்பதையும் முதலாளிகள் நினைவில் வைக்க வேண்டும். முதலில் தூசியை உறிஞ்சும் விசிறியையும் ஈரத்துடைப்பையும் ஏற்பாடு செய்யுங்கள். பிறகு ஆணி அடியுங்கள்.